கீசருக்குக் கீழே சொட்டும் தண்ணீரை அடைக்காதீர்கள்

குளிர் தொடங்கினால் நமது ஊர்க் குழுமங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பாத்ரூமில கீசருக்குக் கீழால தண்ணி சொட்டுது, என்ன செய்யலாம்?" என்று யாராவது ஒரு படத்தோடு போடுவார்கள். படத்தில் கீசரின் குளிர்நீர்க் குழாயில் ஒரு சின்னப் பித்தளை வால்வு, அதன் பக்கவாட்டில் ஒரு மூக்கு, அந்த மூக்கின் நுனியில் ஒரு துளி. கீழே பதில்கள் வரிசையாக வரும். "ஹாட்வெயார் கடையில ஒரு பிளக் வாங்கி அடிச்சி விடுங்க நானா." "த்ரெட் டேப் சுத்தி இறுக்குங்க." "அந்த வால்வு தேவையே இல்ல, கழட்டிட்டு நேரா பைப்பைப் போடுங்க."

இந்தப் பதில்களைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஒழுகினால் அடைக்க வேண்டும் என்பது வீட்டுப் புத்தி. ஆனால் அந்த மூக்கு ஒழுகுவதற்காகவே வைக்கப்பட்டது. கீசரில் ஆளைக் காப்பாற்ற இருப்பவை முக்கியமாக இரண்டு சாமான்கள். ஒன்று தெர்மோஸ்டாட், மற்றது இந்தப் பாதுகாப்பு வால்வு. இரண்டையும் நாம் தொந்தரவாகவே பார்க்கிறோம். ஒன்றை "டைரக்ட்" பண்ணச் சொல்கிறோம், மற்றதை அடைக்கச் சொல்கிறோம். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் நமது கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தத் துளி. தண்ணீர் சூடாகும்போது விரியும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். எவ்வளவு விரியும் என்பதை நமது வீட்டுக் கீசரில் வைத்துப் பார்ப்போம். நுவரெலியாவில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் 15 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லீட்டர் கீசர். அதை 60 பாகைக்குக் கொண்டுபோனால் தண்ணீரின் கனவளவு ஏறத்தாழ 1.6 வீதம் கூடும். அதாவது 50 லீட்டருக்கு 800 மில்லிலீட்டர் அளவு, ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைய. கீசரின் தாங்கியோ முழுக்க நிறைந்திருக்கிறது. அந்த 800 மில்லிலீட்டர் எங்கே போவது?

குளிர்நீர்க் குழாயில் தடுப்பு எதுவும் இல்லையென்றால் அது வந்த வழியே மேலே சிலேப்பில் இருக்கும் தாங்கிக்குத் திரும்பிப் போய்விடும். ஆனால் இப்போது பொருத்தும் கீசர்களில் பெரும்பாலும் தண்ணீர் திரும்பாதபடி நொன் ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. அந்தச் சின்னப் பித்தளை வால்வுக்குள்ளேயே அதுவும் இருக்கும். சூடான தண்ணீர் குளிர்நீர்க் குழாய்க்குள் திரும்பி வரக்கூடாது என்பதற்காக அது அவசியம். சில வீடுகளில் கீசருக்கு முன்னால் ஒரு கேட் வால்வும் இருக்கும், அதை யாராவது மூடியும் வைத்திருப்பார்கள். அப்போது தாங்கி நாலாபுறமும் மூடிய பெட்டி. தண்ணீரை அமுக்கிச் சுருக்குவது லேசான காரியமல்ல, காற்றைப் போல அது விட்டுக்கொடுக்காது. ஆகவே சில பாகைகள் ஏறினாலே உள்ளே அமுக்கம் மளமளவென்று கூடும். வால்வின் உடம்பில் 0.7 அல்லது 0.8 MPa என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 7 அல்லது 8 பார். 70 அல்லது 80 மீட்டர் உயரத்துத் தண்ணீர் நிரலின் அமுக்கம். அந்த அளவைத் தொட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விலகி, கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் துளி அதுதான்.

எனவே கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டி, சூடாகி முடிந்ததும் நின்றுவிட்டால் அது பழுதல்ல. கீசரை அணைத்து, தண்ணீரெல்லாம் ஆறின பிறகும் நாள் முழுக்கச் சொட்டினால்தான் விஷயம் வேறு. வால்வின் இருக்கையில் மண்ணோ சுண்ணாம்புப் படிவோ சிக்கியிருக்கலாம், அல்லது பம்பில் இருந்து வரும் அமுக்கமே கூடுதலாக இருக்கலாம். அதற்கு மருந்து வால்வை மாற்றுவதும் அமுக்கத்தைக் குறைப்பதும். பிளக் அதற்கு மருந்தல்ல.

பிளக் அடித்தவர்கள் "அஞ்சு வருசமா ஒண்டும் ஆகல்லையே" என்பார்கள். உண்மைதான், உடனே ஒன்றும் ஆகாது. விரிந்த தண்ணீர் குழாய் வாஷரின் ஓரத்தாலோ, சரியாக மூடாத நொன் ரிட்டர்ன் வால்வாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தப்பிவிடும். தப்பாத அளவுக்கு, தாங்கி ஒவ்வொரு நாளும் உப்பிச் சுருங்கும். உள்ளே பூசியிருக்கும் எனாமலில் மெல்லிய வெடிப்பு விழும், அதன் வழியே தண்ணீர் இரும்பைத் தொடும், வெல்டிங் ஓரத்தில் துரு ஏறும். இரண்டு வருடத்தில் தாங்கி ஓட்டையாகி, "இப்ப வார சாமானெல்லாம் தரமில்ல" என்று கம்பனியைத் திட்டிக்கொண்டு புதிதாக வாங்குவோம். பெரும்பாலான வீடுகளில் பிளக்கின் விலை இதுவாகத்தான் முடிகிறது. முடியாத வீடுகளைப் பற்றிப் பேசத்தான் தெர்மோஸ்டாட்டுக்கு வர வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிமையானது. தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை அறுக்க வேண்டும், ஆறினால் திரும்பக் கொடுக்க வேண்டும். பல கீசர்களில் இருப்பது குச்சி போன்ற ஒரு சாமான். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் என்ற கலப்புலோகத்தில் செய்த ஒரு தண்டு. பித்தளை நீளும், தண்டு அவ்வளவு நீளாது. இந்த வித்தியாசம் ஒரு சின்ன ஸ்விட்சை இழுத்துத் திறக்கிறது. பார்க்கப் போனால் தரம் 10 விஞ்ஞானம் முழுக்க இந்தக் குச்சிக்குள் இருக்கிறது.

அது கெடுகிற விதத்தில்தான் ஆபத்து. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஸ்விட்சின் முனைகளில் பொறி பறக்கும். வருடக்கணக்கில் அப்படிப் பறந்து, ஒருநாள் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு தண்ணீர் எவ்வளவு சூடானாலும் ஸ்விட்ச் திறக்காது. இதற்காகவே நல்ல கீசர்களில் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து இரண்டாவது ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். சூடு சாதாரண அளவை நன்றாகத் தாண்டினால் அது மின்சாரத்தை அறுத்துவிடும், தானாகத் திரும்ப இணைக்காது. மூடியைக் கழற்றி ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினால்தான் மீண்டும் வேலை செய்யும்.

இங்கேதான் நமது ஆட்கள் கைவைக்கிறார்கள். கீசர் திடீரென்று சூடாகவில்லை. பாஸ் வருகிறார், மூடியைக் கழற்றுகிறார், பொத்தானை அமுக்குகிறார், வேலை செய்கிறது. மறுவாரம் மறுபடி நின்றுவிடுகிறது. மூன்றாம் முறை அவர் ஒரு துண்டு வயரை எடுத்துத் தடுப்பைத் தாண்டி நேராக இணைத்துவிட்டு, "டைரக்ட் பண்ணிட்டன், இனிப் பிரச்சின வராது" என்று சொல்லிப் போகிறார். அந்தத் தடுப்பு மூன்று முறை சொன்ன செய்தி என்ன? தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, தண்ணீர் கொதிநிலையை நோக்கிப் போகிறது என்பதுதான். சொன்னவனின் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறோம். ஒரு புதிய தெர்மோஸ்டாட்டின் விலை கீசரின் விலையில் சின்னப் பங்குதான்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே 50 லீட்டர் கீசர், 2 கிலோவாட் ஹீட்டர், 15 பாகைத் தண்ணீர். 60 பாகைக்கு வர ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் போதும். வழமையாக அங்கே தெர்மோஸ்டாட் அறுத்துவிடும். இப்போது அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது தடுப்பு டைரக்ட், வால்வில் பிளக். வீட்டார் இரவு ஸ்விட்சை அணைக்க மறந்து படுத்துவிட்டார்கள். போட்டதிலிருந்து இரண்டரை மணித்தியாலத்தில் தண்ணீர் 100 பாகையை எட்டுகிறது. ஆனால் கொதிக்காது. அமுக்கம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது பிரஷர் குக்கர் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். நாலு மணித்தியாலம் சொச்சத்தில், எங்கும் பிய்த்துக்கொள்ளாமல் இருந்தால், உள்ளே 160 பாகையில் 45 கிலோ தண்ணீர் திரவமாகவே நிற்கும்.

அந்த நேரத்தில் துருப்பிடித்த வெல்டிங் ஒன்று பிரிந்தால் அமுக்கம் ஒரே நொடியில் போய்விடுகிறது. 160 பாகைத் தண்ணீர் சாதாரண அமுக்கத்தில் தண்ணீராக நிற்க முடியாது. அதில் ஏறத்தாழ 11 வீதம், அதாவது 5 கிலோ, அந்தக் கணமே கொதிநீராவியாகும். 5 கிலோ கொதிநீராவிக்கு 8 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் என்று நாம் கட்டும் ஒரு பாத்ரூமின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 8 கன மீட்டர்தான். அந்த அறைக்குள் ஏற்கெனவே காற்றும் இருக்கிறது. கதவும் சுவரும் ஏன் பறக்கின்றன என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. ஆசிரியர்களாகிய நமக்கு மறக்கவே முடியாத ஒரு சம்பவம் இருக்கிறது. 1982 ஜனவரி 19 ஆம் திகதி, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற சிறிய ஊரில், ஸ்டார் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் பகலுணவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தை ஒட்டிய சமையலறையில் இருந்த சுடுநீர்த் தாங்கி வெடித்தது. ஆறு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள், முப்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அது எரிவாயுவில் சூடாக்கும் வகை, நமது மின் கீசரல்ல. ஆனால் தாங்கிக்குள் இருக்கும் தண்ணீருக்கு சூடு எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. சூட்டை நிறுத்த வேண்டியது நிறுத்தவில்லை, அமுக்கத்தை விட வேண்டிய வால்வும் அதன் வேலையைச் செய்யும் நிலையில் இருக்கவில்லை. இரண்டில் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பின்னேரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"எங்கட வீட்டுல நொன் ரிட்டர்ன் வால்வே இல்ல, மேல தாங்கிக்குத் திறந்துதான் இருக்கு, அமுக்கம் எப்பிடி வரும்?" என்று கேட்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நாலு மீட்டர் உயரத்தில் தாங்கி இருந்தால் கீசரில் உள்ள கூடுதல் அமுக்கம் 0.4 பார் மட்டுமே. வெடிக்கும் அளவுக்கு ஏறாது. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அந்தக் கீசரில் 105 பாகை அளவில் கொதிக்கும், அவ்வளவுதான். ஆனால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் கொதித்துக்கொண்டே இருக்கும். மேலே சேரும் ஆவி, கொதிநீரைக் கீழிருக்கும் குளிர்நீர்க் குழாய் வழியாகத் தாங்கிக்குத் திருப்பித் தள்ளும். அந்தக் குழாய் என்ன குழாய்? சாதாரண பிவிசி. அது 60 பாகைக்கு மேல் தாங்காது, இளகிவிடும். மேலே இருப்பது என்ன தாங்கி? பிளாஸ்டிக்.

2006 இல் இங்கிலாந்தின் டோன்டன் நகரில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது இதுதான். அங்கேயும் திறந்த முறைதான், வெடிக்க வாய்ப்பில்லாத முறை. மின் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் கூரைக்குள் இருந்த பிளாஸ்டிக் குளிர்நீர்த் தாங்கிக்குள் போய்க்கொண்டே இருந்தது. சூட்டில் தாங்கி இளகி உடைந்து, கொதிக்கக் கொதிக்க அத்தனை தண்ணீரும் கீழே படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தையின் மேல் கொட்டியது. குழந்தை இறந்துவிட்டது. அங்கே எந்த வால்வும் காப்பாற்றியிருக்க முடியாது. கொதிக்கும் முன் மின்சாரத்தை ஒரேயடியாக அறுக்கும் தடுப்பு ஒன்றுதான் காப்பாற்றியிருக்கும்.

ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது என்பதை இதில் கவனிக்க வேண்டும். மறுபக்கமும் அப்படித்தான். நமது கீசர்களின் குளிர்நீர்ப் பக்கம் இருக்கும் சின்னப் பித்தளை வால்வு அமுக்கத்தை மட்டுமே அறியும், சூட்டை அறியாது. 7 பாரில் அது திறக்கும் என்றால், அந்த அமுக்கத்தில் தண்ணீர் ஏறத்தாழ 170 பாகை வரை கொதிக்காமல் நிற்கலாம். வால்வு தாங்கியைப் பிய்த்துக்கொள்ளாமல் காக்கும். ஆனால் குழாயைத் திறக்கும் பிள்ளையின் கையில் கொட்டும் தண்ணீரை அது குளிர்விக்காது. 60 பாகைத் தண்ணீரே சில நொடிகளில் தோலைக் கருக்கிவிடும். சில பெரிய கீசர்களில் மேல் பக்கத்தில் வேறொரு வால்வு இருக்கும், அதன் வால் தாங்கிக்குள் நீண்டிருக்கும். அது அமுக்கம் கூடினாலும் திறக்கும், தண்ணீர் 99 பாகையை நெருங்கினாலும் திறக்கும். விடுதி, பாடசாலை, மண்டபம் போன்ற இடங்களுக்குப் பெரிய தாங்கி வாங்குபவர்கள் இந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? கீசரில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சூடானதும் அது அணைய வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலம் யாரும் தண்ணீர் எடுக்காமலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஒரு கோப்பையில் சுடுநீர் பிடித்து சமையல் வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம், 75 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் சூடாக வந்தால், கீசருக்குள் கேத்தல் கொதிப்பது போலச் சத்தம் கேட்டால், குழாயில் தண்ணீரும் ஆவியும் சேர்ந்து சீறினால், நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது. அப்போது கீசருக்குக் கிட்டப் போகாதீர்கள். மெயின் போர்டில் அதன் பிரேக்கரை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பல மணித்தியாலம் ஆற விடுங்கள். வால்வை இறுக்கவோ, குளிர்நீரை உள்ளே விடவோ போகவேண்டாம்.

வால்வில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். மாதம் ஒருமுறை, தண்ணீர் ஆறியிருக்கும்போது, அதைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். மூக்கால் தண்ணீர் பாய்ந்து, விட்டதும் நிற்க வேண்டும். புத்தளம், யாழ்ப்பாணம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல், தொடாமல் விட்டால் வால்வு கல்லாகிவிடும். நெம்பு அசையவில்லையென்றால் அந்த வால்வு உங்கள் வீட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். துளி நிலத்தை நனைப்பது தொந்தரவென்றால் மூக்கில் ஒரு சின்னக் குழாயைப் பொருத்தி, கீழ்நோக்கி இறக்கி, தண்ணீர் வடியும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். நுனி திறந்திருக்க வேண்டும், நடுவில் எந்தக் குழாயும் வால்வும் வேண்டாம்.

கடைசியாக, வீட்டை வாடகைக்கும் கெஸ்ட் ஹவுஸாகவும் கொடுக்கும் நமது சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. பண்டாரவளைப் பக்கம் ஒரு விடுதியில் சக ஆசிரியர் குடும்பத்தோடு தங்கியபோது, குழாயில் ஆவி சீறியதைச் சொல்லப் போனவருக்கு, "நல்ல சூடாத் தானே வருது சேர்" என்று பதில் கிடைத்திருக்கிறது. வாடகைக்கு வருபவர் மூடியைக் கழற்றிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. உள்ளே டைரக்ட் வயர் இருக்கிறதா, வால்வில் பிளக் இருக்கிறதா என்பது வீட்டுக்காரருக்கும் அவருடைய பாஸுக்கும் மட்டும்தான் தெரியும். எனவே அடுத்த வாடகைக்காரர் வருவதற்கு முன் தகுதியான ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மூடியைக் கழற்றி, இந்த இரண்டையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதே வேலையைப் பள்ளிக்கூட விடுதிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நாமும் இந்தத் தவணை முடிவதற்குள் செய்யப் போகிறோம்.